பேனலின் மின்னோட்டமும் இன்வெர்ட்டரின் வரம்பும்: இரண்டு டிராக்கர் உள்ள இடத்தில் சரிபார்ப்பது எப்படி?

ஒவ்வொரு சோலார் பேனலின் பின்புறத்திலும் ஒரு விவரச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதில் மின்னோட்டத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. Imp என்பது பேனல் தன் உச்சத் திறனில் வேலை செய்யும்போது தரும் மின்னோட்டம். Isc என்பது பேனலின் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளை நேராகச் சேர்த்துவிட்டால் பாயும் மின்னோட்டம். அதாவது ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம். வீட்டுக் கூரைகளில் பரவலாகக் காணப்படும் 540 வாட் பேனலில் Imp சுமார் 12.97 ஆம்பியராகவும் Isc சுமார் 13.85 ஆம்பியராகவும் இருக்கும்.

இன்வெர்ட்டரின் விவரத்தாளிலும் மின்னோட்டத்துக்கு இரண்டு வரிகள் உண்டு. ஒன்று அதிகபட்ச உள்ளீட்டு மின்னோட்டம். மற்றது அதிகபட்ச ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம். பேனலின் முதல் எண்ணை இன்வெர்ட்டரின் முதல் வரியோடும், இரண்டாவது எண்ணை இரண்டாவது வரியோடும் ஒப்பிட வேண்டும். முதல் ஒப்பீடு தவறினால் மின் உற்பத்தி குறையும். இரண்டாவது தவறினால் பழுது நேரும் நாளில் இன்வெர்ட்டர் கருகக்கூடும். விளைவு வேறு வேறு என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்வெர்ட்டரில் இரண்டு டிராக்கர்கள் இருக்கும்போது இந்தக் குழப்பம் இன்னும் எளிதாக நேர்கிறது.

மின்னோட்டம் ஏன் கூடியது?

பேனலின் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது அதிலுள்ள செல்லின் பரப்பளவு. செல் பெரிதானால் அதன் மேல் விழும் ஒளி கூடும்; அதற்கேற்ப மின்னோட்டமும் கூடும். முன்பு வழக்கத்தில் இருந்த செல்லின் அகலம் ஏறத்தாழ 156 மில்லிமீட்டர். அத்தகைய செல்களால் ஆன பேனலின் Isc ஏறக்குறைய 9 ஆம்பியர். பின்னர் 182 மில்லிமீட்டர் செல் வந்தது. Isc 14 ஆம்பியரை நெருங்கியது. 210 மில்லிமீட்டர் செல் உள்ள 600 வாட் வகைப் பேனல்களில் அது 18.5 ஆம்பியர் அளவுக்குப் போய்விட்டது.

செல்லை இரண்டாக வெட்டிச் செய்யும் பேனல்களில் மின்னோட்டம் பாதியாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். பேனலுக்குள் பாதிச் செல்லில் பாயும் மின்னோட்டம் பாதிதான். ஆனால் மேல்பாதியும் கீழ்பாதியும் பக்க இணைப்பில் சேர்ந்து வெளியே வருவதால், முனைகளில் கிடைப்பது முழு மின்னோட்டமே. சீட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த முழு மின்னோட்டத்தையே குறிக்கிறது.

இன்வெர்ட்டர்களின் வரம்பு அவை வெளிவந்த காலத்துப் பேனல்களை ஒட்டியே அமைக்கப்பட்டது. சிறிய செல் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டரில் ஒரு டிராக்கருக்கு 11 ஆம்பியர் என்றிருந்தால் அன்றைக்கு அது தாராளம். அதே இன்வெர்ட்டரோடு இன்றைய பேனலைச் சேர்க்கும்போது வாட் கணக்கு பொருந்தலாம், வோல்ட் கணக்கும் பொருந்தலாம். ஆம்பியர் கணக்கு பொருந்தாது. பழைய இன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு பேனலை மட்டும் மாற்றும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதல் வரம்பு: இன்வெர்ட்டர் தானே கட்டுப்படுத்துவது

சோலார் பேனல் மின்னோட்டத்தை இன்வெர்ட்டருக்குள் திணிப்பதில்லை. இன்வெர்ட்டர்தான் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்கிறது. கிரிட் நின்றுபோய் இன்வெர்ட்டர் அணைந்திருக்கும் நேரத்தில், கொளுத்தும் வெயிலிலும் கம்பியில் பாயும் மின்னோட்டம் சுழியம். அப்போது பேனலின் முனைகளில் மின்னழுத்தம் மட்டும் முழு அளவில் நிற்கும்.

இன்வெர்ட்டருக்குள் இழுக்கும் வேலையைச் செய்வது டிராக்கர். எந்த மின்னழுத்தத்தில் பேனல் அதிகத் திறன் தருகிறது என்று அது நாள் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கிறது. அந்த உச்சப் புள்ளியில் வரும் மின்னோட்டம் தன் வரம்பைத் தாண்டும் என்றால், டிராக்கர் உச்சத்திலிருந்து சற்று விலகி, கூடுதல் மின்னழுத்தமும் குறைந்த மின்னோட்டமும் உள்ள இடத்தில் நின்றுகொள்கிறது. கிடைத்திருக்க வேண்டிய திறனில் ஒரு பகுதி பேனலிலேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. கருவிக்குச் சேதம் எதுவும் இல்லை.

இழப்பு எவ்வளவு என்பது வரம்பு எவ்வளவு தாண்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது. 12.97 ஆம்பியர் Imp உள்ள பேனலை 12.5 ஆம்பியர் வரம்புள்ள டிராக்கரில் இணைத்தால், வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 960 வாட்டைத் தாண்டும் நேரங்களில் மட்டுமே வரம்பு குறுக்கிடும். அந்த நேரங்களிலும் மின்னோட்டம் குறையும்போது மின்னழுத்தம் ஏறிவிடுவதால், திறனில் இழப்பு மின்னோட்டத்தின் மூன்றரை சதவீதக் குறைவை விடவும் சிறியது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது பொருட்படுத்த வேண்டியதே இல்லை. ஆகவே முதல் வரம்பைச் சிறிது தாண்டுவதைப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள்.

இரண்டாவது வரம்பு: இன்வெர்ட்டரின் கையில் இல்லாதது

டிராக்கரின் கட்டுப்பாடு வேலை செய்யும்வரைதான் முதல் வரம்புக்குப் பொருள் உண்டு. கட்டுப்பாடு தோற்றுப்போகும் சூழலில் பேனல் தரக்கூடிய முழு மின்னோட்டமும் இன்வெர்ட்டருக்குள் பாயும். அப்படிப் பாய்வதைத் தாங்கும் எல்லையே அதிகபட்ச ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம்.

இந்தச் சூழல் இரண்டு வழிகளில் நேரலாம். முதலாவது உட்புறப் பழுது. டிராக்கருக்குள் பேனலின் மின்னழுத்தத்தை உயர்த்தும் பூஸ்ட் சுற்று இருக்கிறது. அதில் ஒரு குறைகடத்தி ஸ்விட்ச் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. மூடியிருக்கும் கணத்தில் அது பேனலின் இரு முனைகளையும் ஒரு சுருள் வழியாகச் சேர்த்துவிடுகிறது. அந்த ஸ்விட்ச் பழுதாகி மூடிய நிலையிலேயே நின்றுவிட்டால், பேனல் நிரந்தரமாக ஷார்ட் ஆகிவிடும்.

இரண்டாவது, பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிப்போன இணைப்பு. பூஸ்ட் ஸ்விட்சோடு எதிர்த்திசையில் ஒரு டயோடு இருக்கும். நேரான இணைப்பில் அது மின்னோட்டத்தை விடாது. இணைப்பு தலைகீழானால் பேனலின் மின்னோட்டம் முழுதும் அந்த டயோடு வழியே சுற்றிவரும். ஷார்ட் சர்க்யூட் வரம்புக்குள் இருந்தால் இன்வெர்ட்டர் அதைத் தாங்கி, திரையில் பிழையைக் காட்டும். வரம்புக்கு மேல் போனால் டயோடும் அதைச் சுற்றியுள்ள பலகையும் சூடேறிக் கெட்டுவிடும்.

கிரிட் மின்சாரத்தில் ஷார்ட் ஆனால் மின்னோட்டம் பன்மடங்காக எகிறும். பிரேக்கர் நொடியில் விழும். சோலாரில் அப்படி நடக்காது. 540 வாட் பேனலின் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் அதன் வேலை மின்னோட்டத்தை விட ஏழு சதவீதம்கூட அதிகமில்லை. அந்தச் சுற்றில் 20 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தாலும் 13.85 ஆம்பியரில் அது உருகாது. ஆகவே சோலார் ஷார்ட் தானாக அறுபடுவதில்லை. சூரியன் மறையும்வரை பல மணி நேரம் தொடர்ந்து பாயும். இன்வெர்ட்டரின் பாகங்கள் ஒரு கணத்துக்கு மட்டும் தாங்கினால் போதாது, அத்தனை நேரமும் தாங்க வேண்டும். இரண்டாவது வரம்பை ஒருபோதும் தாண்டக் கூடாது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

ஒன்றேகால் மடங்கு

பேனல் சீட்டில் உள்ள எண்கள் ஆய்வக நிலையில் அளக்கப்பட்டவை: ஒளி சதுர மீட்டருக்கு 1000 வாட், செல்லின் வெப்பநிலை 25 டிகிரி. கூரையில் ஒளி சில வேளைகளில் இந்த அளவைத் தாண்டிவிடும். வெண்மேகத்தின் ஓரம் சூரியனுக்கு அருகில் இருக்கும்போது, நேர் வெயிலோடு மேகம் சிதறடிக்கும் ஒளியும் சேர்ந்து பேனலில் விழுகிறது. அப்போது சில நிமிடங்களுக்கு 1200 வாட்டுக்கு மேலும் பதிவாவது உண்டு. ஒளி எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் Isc கூடும்.

வெப்பமும் Isc-ஐச் சற்று உயர்த்தும். டிகிரிக்கு 0.045 சதவீதம் என்ற அளவில், செல் 65 டிகிரிக்குச் சூடானால் கூடுவது 1.8 சதவீதம். ஒளியால் கூடுவதோடு ஒப்பிட்டால் இது சிறியது. மின்னழுத்தம் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். வெப்பம் ஏறினால் குறையும்.

இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு, சோலார் அமைப்புகளுக்கான சர்வதேசத் தரநிர்ணயமான ஐஇசி 62548, Isc-ஐக் குறைந்தது 1.25-ஆல் பெருக்கிக் கணக்கிடச் சொல்கிறது. அமெரிக்க மின் விதித் தொகுப்பும் அதே 1.25-ஐப் பயன்படுத்துகிறது. 13.85 ஆம்பியர் பேனலுக்கு இந்தக் கணக்கில் 17.3 ஆம்பியர் வருகிறது. இன்வெர்ட்டரின் ஷார்ட் சர்க்யூட் வரம்பு இதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள், தங்கள் வரம்பைப் பேனல் சீட்டில் உள்ள எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டால் போதும் என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் அதைப் பின்பற்றலாம். கையேடு எதுவும் சொல்லாத இடத்தில் 1.25-ஐப் பெருக்கியே ஒப்பிட வேண்டும்.

இரண்டு டிராக்கர்கள், இரண்டு தனிக் கணக்குகள்

பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் அது ஒரு ஸ்டிரிங். தொடரில் மின்னழுத்தங்கள் கூடும்; மின்னோட்டம் கூடாது. ஐந்து பேனல் ஸ்டிரிங்கானாலும் பத்துப் பேனல் ஸ்டிரிங்கானாலும் Isc அதே 13.85 ஆம்பியர்தான். இரண்டு ஸ்டிரிங்குகளைப் பக்கமாக இணைக்கும்போதுதான் மின்னோட்டங்கள் கூடி 27.7 ஆம்பியர் ஆகும்.

இரண்டு டிராக்கர் உள்ள இன்வெர்ட்டரில், ஒவ்வொரு டிராக்கருக்கும் தனித்தனி பூஸ்ட் சுற்று, தனித்தனி ஸ்விட்ச், தனித்தனி அளவீடு. ஒன்றின் வரம்பில் மிச்சம் இருந்தாலும் மற்றது அதைக் கடன் வாங்க முடியாது. ஆகவே சரிபார்ப்பை ஒவ்வொரு டிராக்கருக்கும் தனியாகவே செய்ய வேண்டும். அந்த டிராக்கரில் எத்தனை ஸ்டிரிங்குகள் பக்கமாகச் சேர்கின்றன என்று எண்ணி, அத்தனை மடங்கு Isc-ஐ எடுத்து, 1.25-ஆல் பெருக்கி, அந்த டிராக்கரின் வரம்போடு ஒப்பிட வேண்டும்.

விவரத்தாளில் இந்த எண்களை அச்சிடும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. 16/16 என்றிருந்தால் ஒவ்வொரு டிராக்கருக்கும் 16 ஆம்பியர். 32/16 என்றிருந்தால் முதல் டிராக்கர் இரண்டு ஸ்டிரிங்குகளையும் இரண்டாவது ஒன்றை மட்டும் ஏற்கும். மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டர்களில் இந்தச் சமமற்ற அமைப்பைப் பார்க்கலாம். அங்கே இரட்டை ஸ்டிரிங்கைத் தவறுதலாக இரண்டாவது டிராக்கரில் செருகினால் கணக்கு முழுதும் தலைகீழாகிவிடும். மொத்தம் 32 என்று மட்டும் போட்டிருந்தால், அது இரண்டு டிராக்கர்களின் கூட்டுத்தொகையா, ஒன்றுக்கான எண்ணா என்பதைக் கையேட்டில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கூட்டுத்தொகையை ஒரு டிராக்கருக்கான வரம்பாகப் படித்துவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நேரும் பிழை.

இன்வெர்ட்டரின் அடியில் உள்ள செருகு முனைகளின் எண்ணிக்கையும் ஏமாற்றக்கூடியது. ஒரு டிராக்கருக்கு இரண்டு ஜோடி முனைகள் இருந்தால் அதன் வரம்பு இரட்டிப்பாகிவிட்டது என்று பொருளில்லை. இரண்டு ஜோடிகளும் உள்ளே ஒரே சுற்றில்தான் சேர்கின்றன. பழைய, சிறு செல் பேனல்களின் இரண்டு ஸ்டிரிங்குகளை எண்ணி அந்த முனைகள் வைக்கப்பட்டிருக்கலாம். சில இன்வெர்ட்டர்களில் ஒரு ஜோடி முனைக்கு என்று தனி வரம்பும் சொல்லியிருப்பார்கள். டிராக்கர் 32 ஆம்பியர் தாங்கினாலும் ஒரு ஜோடி முனை 16 மட்டுமே தாங்கும் என்றால், இரண்டு ஸ்டிரிங்குகளையும் வெளியே சேர்த்து ஒரே ஜோடியில் செருகக் கூடாது.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. ஒரு டிராக்கருக்கு அதிகமான மின்னோட்டத்தை, பிரிப்புக் கனெக்டர் போட்டு இரண்டு டிராக்கர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாமா என்ற கேள்வி எழும். இரண்டு டிராக்கர்களையும் ஒன்றாக இயங்கச் செய்யும் வசதி சில இன்வெர்ட்டர்களில் இருக்கிறது. அமைப்பு மெனுவிலோ உள்ளே ஒரு ஜம்பர் இணைப்பிலோ அதைச் சொல்ல வேண்டும். அந்த வசதி இல்லாத கருவியில் அப்படிச் செய்தால், இரண்டு டிராக்கர்களும் ஒரே பேனல் கூட்டத்தின் மின்னழுத்தத்தைத் தத்தம் போக்கில் மாற்ற முயன்று ஒன்றையொன்று குலைக்கும். பாதுகாப்பிலும் பிரச்சினை உண்டு: ஒரு டிராக்கரின் ஸ்விட்ச் பழுதாகி ஷார்ட் ஆனால், பங்கீடு நின்றுபோய் மொத்த மின்னோட்டமும் அந்த ஒன்றின் வழியாகவே பாயும். ஆகவே தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே இந்த இணைப்பைச் செய்யலாம்.

ஒரு வீட்டின் கணக்கு

5 கிலோவாட் ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டரும் 540 வாட் பேனல்கள் பத்தும் உள்ள ஒரு மொட்டைமாடியை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பேனல்கள் மாடித் தளத்தில், ஐந்து பேனல்கள் மாடிப்படி அறையின் கூரைமேல். எல்லாமே தெற்குப் பார்த்தவை. மாலையில் படி அறையின் நிழல் கீழே உள்ள ஐந்தில் விழுகிறது. நிழல் ஒரு பாதியை மட்டும் பாதிப்பதால், ஐந்து ஐந்தாக இரண்டு ஸ்டிரிங்குகள் அமைத்து ஆளுக்கொரு டிராக்கரில் இணைப்பதே முறை. பேனல் ஒன்றின் திறந்த மின்னழுத்தம் 49.5 வோல்ட், ஸ்டிரிங்குக்கு ஏறத்தாழ 247 வோல்ட். வழக்கமான வீட்டு இன்வெர்ட்டரின் மின்னழுத்த எல்லைக்குள் இது எளிதாக அடங்கும்.

இன்வெர்ட்டருக்கு இரண்டு தேர்வுகள் இருப்பதாகக் கொள்ளலாம். முதல் கருவியில் ஒரு டிராக்கருக்கு உள்ளீட்டு வரம்பு 12.5 ஆம்பியர், ஷார்ட் சர்க்யூட் வரம்பு 15 ஆம்பியர். இரண்டாவதில் அவை 16, 20.

முதல் கருவியில் Imp ஆன 12.97, உள்ளீட்டு வரம்பான 12.5-ஐச் சற்றே தாண்டுகிறது. இதை மேலே பார்த்தபடி பொறுத்துக்கொள்ளலாம். Isc ஆன 13.85-ஐ 15-ஓடு நேராக ஒப்பிட்டால் தேறிவிட்டதாகத் தோன்றும். 1.25-ஆல் பெருக்கிய 17.3-ஐ வைத்துப் பார்த்தால் தேறவில்லை. கையேட்டில் நேரடி ஒப்பீடு போதும் என்று எழுத்தில் இல்லாதவரை இந்தக் கருவி இந்தப் பேனலுக்குப் பொருந்தாது. இரண்டாவது கருவியில் 12.97 என்பது 16-க்குள்ளும், 17.3 என்பது 20-க்குள்ளும் அடங்குகின்றன. ஒவ்வொரு டிராக்கரிலும் ஒரே ஸ்டிரிங் என்பதால் இரண்டுக்கும் இதே விடை.

இப்போது அதே இரண்டாவது கருவியில் நேரக்கூடிய ஒரு பிழை. மாடியிலிருந்து கீழே இன்வெர்ட்டர்வரை இரண்டு ஜோடிக் கேபிள் இழுப்பதற்குப் பதில், செலவு மிச்சம் என்று இரண்டு ஸ்டிரிங்குகளையும் மேலேயே கனெக்டரால் பக்கமாகச் சேர்த்து, ஒரே ஜோடிக் கேபிளை முதல் டிராக்கருக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டாவது டிராக்கர் காலியாக நிற்கிறது. பேனல்கள் பத்தும் இணைந்துவிட்டன, மின்னழுத்தம் சரியாக இருக்கிறது, கேபிளும் சூடாகவில்லை. இன்வெர்ட்டர் பச்சை விளக்கோடு ஓடுகிறது.

ஆனால் முதல் டிராக்கருக்கு வரக்கூடிய ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் இப்போது 27.7 ஆம்பியர், 1.25-ஆல் பெருக்கினால் 34.6. வரம்போ 20. ஒருநாள் ஸ்விட்ச் பழுதானாலோ பராமரிப்பின்போது முனைகள் மாறினாலோ, தாங்கும் அளவைவிட மிக அதிகமான மின்னோட்டம் உள்ளே பாயும். அந்த நாள் வரும்வரை இழப்பு உற்பத்தியில் தெரியும். இரண்டு ஸ்டிரிங்குகளின் வேலை மின்னோட்டம் சேர்ந்து 25.9 ஆம்பியர், டிராக்கர் இழுப்பது 16 மட்டும். வெயில் 620 வாட் அளவை எட்டியதுமே வரம்பு வந்துவிடுகிறது. செல் சூடாக இருக்கும் நண்பகலில், சரியான இணைப்பில் ஏறத்தாழ 4.6 கிலோவாட் கிடைக்க வேண்டிய இடத்தில் 3.3 கிலோவாட் அளவோடு நின்றுவிடும்.

மாலை நிழலும் இப்போது இரண்டு பாதிகளையும் சேர்த்தே பாதிக்கும், ஏனெனில் தனித்தனியாகத் தேட டிராக்கர் ஒன்றுதான் வேலை செய்கிறது. ஸ்டிரிங்குகளைப் பிரித்து இரண்டாவது ஜோடிக் கேபிளை இழுத்தால் மூன்று குறைகளும் ஒரே நேரத்தில் நீங்கும். பத்துப் பேனல்களையும் ஒரே தொடராக்கி 495 வோல்ட் ஸ்டிரிங்காக முதல் டிராக்கரில் கொடுப்பது இன்னொரு வழி. இன்வெர்ட்டரின் மின்னழுத்த எல்லை 600 வோல்ட்டாக இருந்தால் மின்னோட்டக் கணக்கில் அது பிழையற்றது. நிழல் பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கும்.

திரையில் தெரியும் அடையாளங்கள்

இன்வெர்ட்டரின் திரையிலோ கைபேசிச் செயலியிலோ ஒவ்வொரு டிராக்கரின் மின்னழுத்தமும் மின்னோட்டமும் தனித்தனியாகத் தெரியும். தெளிந்த வானம் உள்ள ஒரு நாளின் வரைபடத்தைப் பார்த்தால் போதும். ஆரோக்கியமான அமைப்பில் மின்னோட்டக் கோடு காலையில் ஏறி, நண்பகலில் வளைந்து, மாலையில் இறங்கும். வரம்பில் முட்டும் அமைப்பில் அந்தக் கோடு முற்பகலிலேயே ஒரு எண்ணில் போய் நின்று, பிற்பகல்வரை தட்டையாகக் கிடக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் அந்த எண் 16.

தட்டையான கோட்டுக்கு வேறு காரணமும் இருக்கலாம். பேனல்களின் மொத்தத் திறன் இன்வெர்ட்டரின் திறனைவிட அதிகமாக இருந்தால், வெளியீடு 5 கிலோவாட்டில் நின்றுவிடும். இரண்டையும் பிரித்தறிய வெளியீட்டைப் பார்க்க வேண்டும். வெளியீடு 5 கிலோவாட்டில் நிற்கிறது, டிராக்கரின் மின்னோட்டம் வரம்புக்குக் கீழே இருக்கிறது என்றால் அது வெளியீட்டு வரம்பு. அது திட்டமிட்டதாகவே இருக்கலாம். வெளியீடு 5-ஐ எட்டவே இல்லை, டிராக்கரின் மின்னோட்டம் மட்டும் ஒரே எண்ணில் நிற்கிறது என்றால் அது உள்ளீட்டு வரம்பு. மின்னழுத்தமும் சாட்சி சொல்லும்: சூடான ஐந்து பேனல் ஸ்டிரிங் நண்பகலில் 180 வோல்ட்டை ஒட்டி இயங்க வேண்டும், 200 வோல்ட்டுக்கு மேல் நின்றால் டிராக்கர் உச்சப் புள்ளியை விட்டு விலகி நிற்கிறது என்று பொருள்.

இணைப்பு வேலையின்போது, கனெக்டரைச் செருகுமுன் ஒவ்வொரு ஜோடியின் மின்னழுத்தத்தையும் மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். குறி மாறியிருந்தால் முனைகள் தலைகீழ். நல்ல வெயிலிலும் நிலையான மின்னழுத்தம் காட்டாவிட்டால், ஒரு ஸ்டிரிங்கின் பாசிட்டிவோடு மற்றதன் நெகட்டிவ் ஜோடி சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு ஸ்டிரிங் உள்ள கூரையில் இது எளிதில் நேரும் தவறு. எதிர்பார்த்த 247 வோல்ட்டை ஒட்டிய எண் இரண்டு ஜோடியிலும் வந்த பிறகே செருக வேண்டும்.

தலைகீழாகச் செருகிவிட்டது தெரிந்தால், பதற்றத்தில் கனெக்டரைப் பிடுங்கக் கூடாது. அந்த நேரத்தில் முழு ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். நேர்மின்னோட்டத்தை அறுக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணையாது. கிளாம்ப் மீட்டரால் மின்னோட்டத்தைக் கவனித்து, மாலையில் அது அரை ஆம்பியருக்கும் கீழே இறங்கிய பிறகு ஸ்விட்சை அணைத்து முனைகளை மாற்றுவதே பாதுகாப்பான முறை.

பேனல் மாறும்போது

கணக்குப் போட்ட பேனல் ஒன்று, கூரைக்கு வந்து சேரும் பேனல் வேறொன்று என்பது இத்துறையில் அரிதல்ல. 540 வாட் கையிருப்பில் இல்லை, அதே விலையில் 600 வாட் தருகிறோம் என்று விற்பனையாளர் சொன்னால், வாட் கூடியதைவிட Isc எவ்வளவு என்பதையே முதலில் கேட்க வேண்டும். 210 மில்லிமீட்டர் செல் பேனலானால் Isc 18.5 ஆம்பியர், 1.25-ஆல் பெருக்கினால் 23.1. முன்பு பொருந்திய 20 ஆம்பியர் டிராக்கர் இதற்குப் பொருந்தாது. ஒற்றை ஸ்டிரிங்காக இருந்தும் பொருந்தாது. பேனல் எண்ணிக்கையைக் குறைத்தாலும் பயனில்லை, ஏனெனில் தொடரில் பேனலைக் குறைத்தால் வோல்ட்தான் குறையும், ஆம்பியர் குறையாது.

இருபுறமும் ஒளியை வாங்கும் பேனல்களில் பின்புற ஒளியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சீட்டின் முதல் Isc பெரும்பாலும் முன்புறத்தை மட்டும் வைத்துச் சொன்னது. வெள்ளைக் குளிர்ச்சி ஓடு பதித்த மொட்டைமாடியில், ஆள் நடமாடும் உயரத்துக்கு இரும்புச் சட்டம் எழுப்பிப் பேனல் பொருத்துவது தமிழ்நாட்டு நகரங்களில் வழக்கமாகிவருகிறது. தரை வெளுப்பாகவும் பேனல் உயரமாகவும் இருக்கும் அத்தகைய இடத்தில் பின்புற ஒளி கணிசமாகக் கூடும். 14.3 ஆம்பியர் Isc உள்ள இருபுறப் பேனலுக்குப் பின்புறத்தால் 10 சதவீதம் கூடுகிறது என்று கொண்டால் 15.7, 1.25-ஆல் பெருக்கினால் 19.7. இருபது ஆம்பியர் வரம்பை இது தொட்டுவிடும் நிலை. பின்புறப் பங்கு இன்னும் கூடும் இடமானால் மேல் வரம்புள்ள இன்வெர்ட்டரையே தேர வேண்டும்.

வேலை தொடங்குமுன் நிறுவுபவரிடம் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குவது வீட்டுக்காரரின் உரிமை: வரப்போகும் பேனலின் விவரத்தாள், இன்வெர்ட்டரின் விவரத்தாள். ஒவ்வொரு டிராக்கரிலும் எத்தனை ஸ்டிரிங்குகள் சேர்கின்றன என்ற இணைப்புப் படத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஸ்டிரிங் எண்ணிக்கையை Isc-ஆலும் 1.25-ஆலும் பெருக்கி, வரும் எண்ணை அந்த டிராக்கரின் ஷார்ட் சர்க்யூட் வரம்புக்குப் பக்கத்தில் எழுதி, இரண்டு டிராக்கருக்கும் தனித்தனியே கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். பேனலின் மாடல் எண் கடைசி நேரத்தில் மாறினால் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.